ஒரு செவ்வகத்துக்குள் எத்தனை அலைகள்?



போன மாதம் எனக்கு இரண்டு கேள்விகள் வந்தன. முதல் கேள்வி என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு மாணவரிடமிருந்து. அவர் மகள் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "சார், செவ்வகத் துடிப்புக்கு ஃபூரியே உருமாற்றம் எடுத்தால் சிங்க் வடிவம் வரும் என்று மனப்பாடமாகச் சொல்கிறாள். ஏன் அப்படி வருகிறது, நடுநடுவே ஏன் பூஜ்ஜியம் ஆகிறது என்று கேட்டால் தெரியவில்லை. நீங்கள் சொல்வீர்களா?" என்று எழுதியிருந்தார். இரண்டாவது கேள்வி என் மைத்துனருடையது. ஃபெஞ்சல் புயலில் நெல்லை முழுக்கப் பறிகொடுத்தவர். "சென்னை துறைமுகத்தில் அவ்வளவு பெரிய ராடார் வைத்திருக்கிறார்களே மாமா, காசைக் கொஞ்சம் கூடப் போட்டு, தெருத்தெருவாகக் காற்று எவ்வளவு வேகம் என்று காட்டுகிற மாதிரி ஒன்று வாங்கக் கூடாதா?" என்றார்.

இரண்டும் ஒரே கேள்விதான் என்பது யோசித்தபோது தெரிந்தது. ஒரு பதிவிலேயே இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வரைபடத் தாளும் பென்சிலும் கையில் இருந்தால் நல்லது. தொகையீடு தெரிய வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் போதும்.

முதலில் செவ்வகம். ஒரு விளக்கைச் சரியாக ஒரு வினாடி மட்டும் எரியவிட்டு அணைக்கிறோம். படம் வரைந்தால் ஒரு வினாடி அகலம், ஒன்று என்ற உயரம் கொண்ட பெட்டி வரும். இதுதான் செவ்வகத் துடிப்பு. இதற்குள் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதுதான் ஃபூரியே உருமாற்றம். ஃபூரியே பிரான்சு நாட்டுக் கணித அறிஞர். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று 1822-இல் எழுதிய புத்தகத்தில், எந்த வடிவத்தையும் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்ற எண்ணத்தை நிலைநிறுத்தியவர்.

எவ்வளவு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சோதிக்க வேண்டிய அலையை அந்தப் பெட்டிக்குள் வரைய வேண்டும். அலையின் ஒரு முகடு பெட்டியின் நடுவில் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு மேலே உள்ள பரப்பைக் கூட்டல் என்றும், கீழே உள்ளதைக் கழித்தல் என்றும் எடுத்து மொத்தம் போடுங்கள். மிஞ்சுவதுதான் விடை. முகடு நடுவில் வராத அலை வேண்டாமா என்று கேட்கலாம். நடுவில் பூஜ்ஜியமாக இருந்து ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிற அலைக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆகவே முகடு நடுவில் உள்ளது மட்டும் போதும்.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதிர்வெண் பூஜ்ஜியம் என்றால் அலையே இல்லை, நேர்கோடு. பெட்டியின் முழுப் பரப்பும் கிடைக்கும். விடை 1.

வினாடிக்கு ஒரு அலை, அதாவது 1 ஹெர்ட்ஸ். பெட்டிக்குள் சரியாக ஒரு முழு அலை அடங்கும். மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு. விடை பூஜ்ஜியம். 2 ஹெர்ட்ஸ் என்றால் இரண்டு முழு அலைகள், அதுவும் பூஜ்ஜியம். 3, 4, 5 எல்லாம் அப்படியே. முழு எண்ணிக்கையில் அலைகள் அடங்கும் ஒவ்வொரு இடத்திலும் பூஜ்ஜியம். மாணவர் மகளின் முதல் சந்தேகம் இத்தோடு தீர்ந்தது.

இடைப்பட்ட இடங்களில்தான் சுவை. அரை ஹெர்ட்ஸ் எடுத்தால் பெட்டிக்குள் அரை அலை, அதாவது ஒரு மேடு மட்டும் இருக்கும். அதன் பரப்பு 0.637. ஒன்றரை ஹெர்ட்ஸ் எடுத்தால் மூன்று அரை அலைகள். நடுவில் ஒரு மேடு, இரு பக்கமும் ஒவ்வொரு பள்ளம். ஒவ்வொன்றின் அகலமும் முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஒவ்வொன்றின் பரப்பும் 0.637-ஐ 3-ஆல் வகுத்தது, 0.212. ஒரு மேடு ஒரு பள்ளத்தோடு கழிந்துவிடும். ஒரு பள்ளம் மிஞ்சும். விடை கழித்தல் 0.212. இரண்டரை ஹெர்ட்ஸ் என்றால் ஐந்து அரை அலைகள், மூன்று மேடு, இரண்டு பள்ளம். மிஞ்சுவது ஒரு மேடு. ஆனால் அது ஐந்தில் ஒரு பங்கு அகலம்தான், ஆகவே 0.127.

எத்தனை அலைகள் வந்தாலும் கடைசியில் மிஞ்சுவது ஓர் அரை அலைதான். அலைகள் நெருங்க நெருங்க அந்த மிச்சமும் மெலிந்துகொண்டே போகும். ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே. இந்தப் புள்ளிகளை வரைந்து இணைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு பெரிய குன்று, இரு பக்கமும் மேலும் கீழுமாக ஆடி ஆடித் தேயும் வால். இதுதான் சிங்க். புத்தகத்தில் இருக்கும் சூத்திரம் T·sin(πfT)/(πfT) சொல்வதும் இதைத்தான். T என்பது பெட்டியின் அகலம், f என்பது சோதிக்கும் அதிர்வெண். நாம் T = 1 வைத்துப் பார்த்தோம்.

அடுத்து, பெட்டியை ஒடுக்கிப் பார்ப்போம். பத்தில் ஒரு வினாடிதான் விளக்கு எரிகிறது. அதற்குள் ஒரு முழு அலை அடங்க வேண்டுமென்றால் அது வினாடிக்கு 10 அலைகளாக ஓட வேண்டும். ஆகவே முதல் பூஜ்ஜியம் 10 ஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும். பெட்டி பத்து மடங்கு ஒடுங்கினால் குன்று பத்து மடங்கு அகலும். பெட்டியின் அகலத்தையும் முதல் பூஜ்ஜியம் வரும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் எப்போதும் 1. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் ஏறும் கிணற்று உருளைக் கயிறு மாதிரி.

இது வெறும் சூத்திர விளைவு என்று நினைக்க வேண்டாம். வினாடிக்கு 400 முறை அதிரும் ஒலியும் 401 முறை அதிரும் ஒலியும் எப்போது பிரிந்து தெரியும்? ஒரு முழு வினாடி ஓடினால்தான் ஒன்று மற்றதைவிட ஒரு அலை முந்தியிருக்கும். பத்தில் ஒரு வினாடி மட்டும் கேட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடியிருக்கும். காது எவ்வளவு கூர்மையானாலும் பிரிக்க அங்கே ஒன்றுமே இல்லை. நாதஸ்வரத்தில் நீட்டிப் பிடிக்கும் சுரத்துக்கு இன்ன சுரம் என்று பெயர் சொல்லலாம். கதவில் ஒரு தட்டு தட்டினால் சத்தம் வந்த நேரத்தைச் சொல்லலாம், சுரத்தைச் சொல்ல முடியாது.

இனி மைத்துனரின் ராடார். சென்னை துறைமுகத்தில் உள்ள டாப்ளர் ராடார் 2002 முதல் இருப்பது. வங்கக் கடலில் புயல் வந்தால் தொலைக்காட்சியில் சுழல்கிற வண்ணப் படம் இம்மாதிரி ராடார்களிலிருந்து வருவது. அது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலையை, மைக்ரோ வினாடிக் கணக்கில் திறந்து மூடி, துண்டு துண்டாக அனுப்புகிறது. ஒரு மைக்ரோ வினாடி என்பது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு துண்டும் நாம் வரைந்த அதே செவ்வகம்தான், உள்ளே வேகமான அலை ஓடுகிறது என்பது மட்டும் வித்தியாசம். கீழே சொல்லும் எண்களைக் கணக்கு எளிதாக இருக்க முழு எண்களாக எடுத்திருக்கிறேன்.

அலை ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் பாதி, 150 மீட்டர். ஒரே திசையில் 150 மீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மழைத் திரள்களின் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றாகவே தெரியும். துறைமுகத்திலிருந்து திருவாமாத்தூர் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நம் ஊர் மழையைத் தொட்டுத் திரும்ப அந்தத் துண்டுக்கு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது.

துண்டை இன்னும் குட்டையாக, பத்தில் ஒரு மைக்ரோ வினாடியாக வெட்டினால் 15 மீட்டர் வரை பிரிக்கலாமே? பிரிக்கலாம். ஆனால் கயிறு மறுபக்கம் ஏறும். ஒரு மைக்ரோ வினாடித் துண்டின் குன்று நடு அதிர்வெண்ணுக்கு இருபுறமும் 10 லட்சம் ஹெர்ட்ஸ் வரை பரவியிருந்தது. இப்போது அது ஒரு கோடி ஹெர்ட்ஸ் வரை பரவும். அத்தனையையும் உள்ளே விட ஏற்பியின் வாசலை பத்து மடங்கு திறக்க வேண்டும். திறந்தால் இரைச்சலும் பத்து மடங்கு வரும். துண்டு குட்டையானதால் ஒரு நேரத்தில் எதிரொலி தரும் மழைத்துளிகளும் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆக மழையின் குரல் இரைச்சலோடு ஒப்பிட நூறு மடங்கு மெலியும். வாசலைத் திறக்காமல் குறுகலாகவே வைத்தால் என்ன ஆகும்? செவ்வகத்தின் கூரான ஓரங்களைச் செய்தவை அந்த வெளிப்பக்க அதிர்வெண்கள்தான். அவை வெளியே நின்றுவிட்டால் ஓரம் மழுங்கித் துடிப்பு மறுபடி நீண்டுவிடும். ஒற்றைக் கோபுரத்தின் எதிரொலி கூர்மையாக வராமல் இழுபட்டு வந்தால் வாசல் குறுகல் என்று கண்டுகொள்ளலாம்.

இது தூரக் கணக்கு. காற்றின் வேகம் இன்னொரு கணக்கு. மழைத்துளி ராடாரை நோக்கி வந்தால் எதிரொலியின் அதிர்வெண் சற்று ஏறும், விலகிப் போனால் இறங்கும். பக்கத்து ஊர் ரயில் ஊதிக்கொண்டே கடந்து போகும்போது சத்தம் மாறுவது போல. காற்று மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால், 10 சென்டிமீட்டர் அலையில் மாற்றம் 400 ஹெர்ட்ஸ். அனுப்பிய துண்டின் குன்றோ 10 லட்சம் ஹெர்ட்ஸ் பரந்தது. அதற்குள் 400-ஐத் தேடுவது வைக்கோல் போரில் குன்றிமணி தேடுவது. ஒற்றைத் துடிப்பால் காற்றின் வேகம் தெரியவே தெரியாது.

ஆகவே ராடார் ஒரே திசையைப் பார்த்துத் துடிப்புகளைத் தொடர்ந்து அனுப்புகிறது. வினாடிக்கு 1,000 துடிப்புகள் என்று வையுங்கள். அவற்றில் 50 துடிப்புகளின் எதிரொலிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் அலையின் நிலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. இப்போது கவனித்த நேரம் ஒரு மைக்ரோ வினாடி இல்லை. 50 துடிப்புகளின் நேரம், அதாவது இருபதில் ஒரு வினாடி. இதுவும் ஒரு செவ்வகம்தான். இதன் முதல் பூஜ்ஜியம் 20 ஹெர்ட்ஸில் விழும். காற்றுக் கணக்கில் அது வினாடிக்கு 1 மீட்டர். ஒரே இடத்தில் இரு வேறு வேகங்கள் கலந்திருந்தால், அவை வினாடிக்கு 1 மீட்டராவது வேறுபட்டால்தான் தனித்தனிக் குன்றாகத் தெரியும்.

இன்னும் நுணுக்கமாக, பத்தில் ஒரு மீட்டர் வேண்டுமா? பத்து மடங்கு நேரம், அரை வினாடி கவனிக்க வேண்டும். ஆனால் ராடாரின் தட்டு சுழல்கிறது. நிமிடத்துக்கு மூன்று சுற்று என்றால் அரை வினாடியில் 9 டிகிரி திரும்பிவிடும். நம் ஊர்த் தூரத்தில் 9 டிகிரி என்பது 23 கிலோமீட்டருக்கு மேல். விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி போகிற தூரம். வேகம் நுணுக்கமாக வரும், எந்த ஊர் வேகம் என்பது தெரியாது. தட்டை மெதுவாகச் சுழற்றினால் வானத்தை ஒரு முறை பார்த்து முடிக்கவே நேரம் போதாது, அதற்குள் புயல் நகர்ந்துவிடும். காசு கொட்டினால் பெரிய தட்டு வாங்கலாம், இரைச்சல் குறைந்த ஏற்பி வாங்கலாம். பெட்டியின் அகலத்தையும் குன்றின் அகலத்தையும் ஒருசேர ஒடுக்குகிற கருவியை வாங்க முடியாது. மைத்துனருக்கு இதுதான் பதில். ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியதே, அவ்வளவு மழையை முன்கூட்டிச் சொல்வது வேறு சிக்கல். அந்தப் பழியை சிங்க் மேல் போடக் கூடாது.

இங்கே கல்லூரிப் பிள்ளைகளும் தடுமாறும் ஒரு இடம் உண்டு. குன்று வினாடிக்கு 1 மீட்டர் அகலம் என்பதால் வேகத்தை அதைவிடத் துல்லியமாகச் சொல்லவே முடியாது என்று பொருள் இல்லை. ஒரே ஒரு குன்று, இரைச்சலுக்கு மேல் நன்றாக எழுந்து நின்றால், அதன் உச்சி எங்கே என்று அதன் அகலத்தைவிட நுட்பமாகக் குறிக்கலாம். செஞ்சிக் கோட்டை மலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதன் உச்சியைக் கை காட்டிச் சொல்கிறோம் இல்லையா? முடியாதது, அருகருகே இருக்கும் இரண்டைப் பிரிப்பதுதான். ஒன்றின் நடுவைக் குறிப்பது வேறு, இரண்டைப் பிரிப்பது வேறு.

கடைசியாக வால். நம் வரைபடத்தில் வால் மெதுவாகத்தான் தேய்ந்தது. பத்தரை ஹெர்ட்ஸ் தள்ளிப் போனாலும் 0.03 மிச்சம் இருக்கும். சக்திக் கணக்குக்கு அதை வர்க்கப்படுத்தினால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. இது போகட்டும் என்று விட முடியாது. நகரத்துக் கட்டடங்களும் குன்றுகளும் தரும் எதிரொலி, தூறல் மழை தருவதைவிட லட்சம் மடங்கு பலமாக இருக்கக்கூடும். கட்டடத்தின் வேகம் பூஜ்ஜியம். ஆனால் அதன் வால், வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தின் அருகே லட்சத்தில் ஆயிரத்தில் ஒன்றாக, அதாவது மழையைப் போல நூறு மடங்காக வந்து உட்கார்ந்துவிடும். மழையின் சிறு குன்று அதற்கடியில் புதைந்துபோகும். இப்படி வரும் பொய் உருவத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பூஜ்ஜியத்துக்கு இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும். வானம் வெளுத்த நாளிலும் அதே இடத்தில் இருக்கும்.

மருந்து என்ன? வால் எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பாருங்கள். பெட்டியின் ஓரம் சட்டென்று வெட்டப்பட்டதால் மிஞ்சிய அரை அலையிலிருந்து. ஆகவே ஓரத்தைச் சட்டென்று வெட்டாமல் சரிவாக இறக்க வேண்டும். 50 துடிப்புகளில் முதலிலும் கடைசியிலும் உள்ளவற்றுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் நடுவில் உள்ளவற்றுக்கு முழு மதிப்பெண்ணும் கொடுத்துக் கூட்டினால், ஓரத்தில் மிஞ்சுவது செல்லாக் காசாகிவிடும். வால் வேகமாகத் தேயும். இவ்வகைச் சரிவுகளில் பேர் பெற்ற ஒன்று, ஜூலியஸ் வான் ஹான் என்ற ஆஸ்திரிய வானிலை அறிஞரின் பெயரால் வழங்குகிறது. ஆனால் இதற்கும் விலை உண்டு. ஓரத் துடிப்புகளைப் பாதி புறக்கணித்தோம் என்றால் பெட்டி ஒடுங்கியதாகத்தானே பொருள்? ஹான் சரிவில் முதல் பூஜ்ஜியம் இரண்டு மடங்கு தள்ளிப்போகும். வினாடிக்கு 1 மீட்டர் என்றது 2 மீட்டராகும். வாலைக் குறைத்தால் குன்று பருக்கும்.

அப்படியானால் தப்ப வழியே இல்லையா என்பீர்கள். தூரக் கணக்கில் ஒரு சாமர்த்தியம் உண்டு. திருப்பதி அருகே காதங்கியில் மேல்வானக் காற்றை ஆராயும் பெரிய ராடார் ஒன்று 53 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அம்மாதிரி ராடார்களில் நீளமான துடிப்பை அனுப்புவார்கள். ஆனால் அதன் உள்ளே ஒரு மைக்ரோ வினாடிக்கு ஒரு முறை, முன்பே தீர்மானித்த வரிசைப்படி, அலையைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டே போவார்கள். புரட்டுவதால் அதிர்வெண் பரப்பு ஒரு மைக்ரோ வினாடித் துடிப்புக்கு உள்ள அளவுக்கு விரியும். எதிரொலி வந்ததும் அதே வரிசையை வைத்து ஒப்பிட்டுச் சுருக்கினால் 150 மீட்டர் கூர்மை கிடைக்கும், நீளத் துடிப்பின் பலமும் கிடைக்கும். விதி மீறப்படவில்லை. கூர்மை வேண்டுமென்றால் பரந்த அதிர்வெண் வேண்டும் என்பதே விதி. பரந்த அதிர்வெண்ணுக்குக் குட்டைத் துடிப்பு ஒன்றே வழி என்று விதி சொல்லவில்லை.

வீட்டுப் பாடம் இல்லாமல் முடித்தால் எனக்குத் தூக்கம் வராது. மூன்றரை ஹெர்ட்ஸுக்கு ஒரு வினாடிப் பெட்டியில் என்ன விடை வரும்? எத்தனை மேடு, எத்தனை பள்ளம், மிஞ்சுவது எது என்று தாளில் வரைந்து பாருங்கள். விடையைக் குறியோடு சேர்த்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். கூட்டலா கழித்தலா என்று குறி போடாதவர்களுக்குப் பாதி மதிப்பெண்தான். அது அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.